அதே மின்னஞ்சல் என்றால் அதே ஆள்தானா?

புத்தகம் விற்கும் ஒரு சிறிய இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். 3 வருடங்களுக்கு முன் ஒரு வாசகி அதில் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துப் பதிவு செய்தார். அவ்வப்போது புத்தகம் வாங்கினார். வீட்டு முகவரி, அடுத்து வாங்க வேண்டியவை என்று குறித்து வைத்த பட்டியல், பாதி செலவழித்த ஒரு பரிசுக் கூப்பன் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கின்றன. இப்போது அந்தத் தளத்தில் 'கூகுள் மூலம் நுழைக' என்று புதிதாக ஒரு பட்டன் வந்திருக்கிறது. பழைய கடவுச்சொல் மறந்தே போய்விட்டதால் அவர் அந்தப் பட்டனைத் தட்டுகிறார். சில நொடிகளில் உள்ளே போய்விடுகிறார். ஆனால் அங்கே ஆர்டரும் இல்லை, பட்டியலும் இல்லை, கூப்பனும் இல்லை. முதல்முறை வருபவரை வரவேற்பதுபோல அவரை வரவேற்கிறது திரை.

நடந்தது இதுதான். கூகுள் வழியாக வந்தவரைத் தளம் புதிய ஆளாக எண்ணி, இரண்டாவதாக ஒரு கணக்கைத் திறந்துவிட்டது. வாடிக்கையாளர் போன் செய்து சத்தம் போடுவார். நிரல் எழுதுபவருக்கு உடனே தோன்றும் தீர்வு ஒன்று உண்டு: கூகுள் சொல்லும் மின்னஞ்சலும் நம்மிடம் உள்ள மின்னஞ்சலும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள்தான், சேர்த்துவிடலாம். ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய தீர்வு இது. அந்த ஒரு வரிதான் பல தளங்களில் அடுத்தவர் கணக்குக்குள் புகுவதற்கான வழியாகியிருக்கிறது. சேர்க்காமல் விட்டால் வாடிக்கையாளர் தன் பழைய கணக்கை இழக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் அதைத் திருடனோடு பகிர்ந்துகொள்ள நேரலாம்.

இதைப் புரிந்துகொள்ள, பட்டனைத் தட்டிய அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். புத்தகத் தளம் வாசகியின் பிரவுசரைக் கூகுளுக்கு அனுப்பிவைக்கிறது. அனுப்பும்போது தான் யார் என்பதையும், வேலை முடிந்ததும் எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும், தனக்கு என்ன விவரம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. வாசகி கூகுளின் பக்கத்தில் தன்னை நிரூபித்து, சம்மதம் தருகிறார். கூகுள் அவரைப் புத்தகத் தளத்துக்குத் திருப்பி அனுப்பும்போது ஒரு சின்னக் குறியீட்டைக் கையில் கொடுத்துவிடுகிறது. அந்தக் குறியீடு ஒருமுறைதான் செல்லும், சீக்கிரமே காலாவதியும் ஆகிவிடும். தளத்தின் சர்வர் அதையும் தன் ரகசியச் சாவியையும் எடுத்துக்கொண்டு, பிரவுசரை நடுவில் விடாமல் நேரடியாகக் கூகுளின் சர்வரிடம் போய்க் கேட்கிறது. பதிலாக ஓர் அடையாளச் சான்று கிடைக்கிறது. டோக்கன் என்று இதைச் சொல்வார்கள். வாசகியின் கூகுள் கடவுச்சொல் புத்தகத் தளத்தின் கண்ணில் கடைசிவரை படுவதே இல்லை.

இந்தப் பரிமாற்றத்தின் அடிப்படை விதிகளுக்கு ஓஆத் என்று பெயர். இன்று புழக்கத்தில் இருக்கும் ஓஆத் 2.0, 2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 என்ற ஆவணமாக வெளிவந்தது. அது 'இந்த நிரல் என் படங்களைப் பார்க்கலாம்', 'என் காலண்டரில் எழுதலாம்' என்பது போன்ற அனுமதிகளைக் கொடுப்பதற்காக உருவானது. வந்திருப்பவர் யார் என்று சொல்வது அதன் வேலையல்ல. அந்தக் குறையை நிரப்ப, அதன் மேல் கட்டப்பட்ட ஓப்பன் ஐடி கனெக்ட் என்ற விதி 2014 பிப்ரவரியில் இறுதியானது. மேலே சொன்ன அடையாளச் சான்று இந்த இரண்டாவது விதியிலிருந்து வருவது. அதைப் பிரித்துப் பார்த்தால், தேவையானதை மட்டும் எடுத்தால், ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```json
{
  "iss": "https://accounts.google.com",
  "aud": "kadai-client-id.apps.googleusercontent.com",
  "sub": "104812345678901234567",
  "email": "vaasagi@example.com",
  "email_verified": true,
  "exp": 1767225600
}
```

சான்றைக் கொடுத்தது யார் என்பது `iss`. யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பது `aud`. எப்போது செல்லாமல் போகும் என்பது `exp`. இந்த மூன்றையும், சான்றின் மேல் உள்ள டிஜிட்டல் கையொப்பத்தையும் தளம் சரிபார்க்க வேண்டும். `aud` பார்க்காமல் விடும் தளத்தில், வேறு ஏதோ ஒரு விளையாட்டுச் செயலிக்காக வழங்கப்பட்ட சான்றைக் கொண்டுவந்து நீட்டி உள்ளே நுழைந்துவிட முடியும். நல்ல நூலகங்கள் இந்தச் சோதனைகளைத் தாமே செய்துவிடுவதால் அதில் நாம் அதிகம் நிற்க வேண்டியதில்லை. நமக்கு முக்கியம் `sub`, `email` என்ற இரண்டும் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன என்பது.

`sub` என்பது அந்தக் கூகுள் கணக்குக்கு உரிய எண். அதே எண் வேறொருவருக்குத் தரப்படுவதில்லை. மின்னஞ்சல் முகவரி அப்படியல்ல. அது வாடகை வீட்டு விலாசம் மாதிரி. இன்றைக்கு அங்கே குடியிருப்பவரை நாளைக்கும் அங்கேயே பார்ப்போம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஓர் அலுவலகத்தில் கணக்காளர் வேலையை விட்டுப் போகிறார். அடுத்து வருபவருக்கு அதே முகவரி தரப்படுகிறது. நெடுநாள் பயன்படாமல் கிடக்கும் முகவரிகளை மறுபடி புதியவர்களுக்குக் கொடுக்கப் போவதாக யாஹூ நிறுவனமே 2013இல் அறிவித்தது. ஒரு முகவரி கையில் இருப்பதால் மட்டும், 3 வருடங்களுக்கு முன் அந்த முகவரியில் கணக்குத் திறந்தவர் இவர்தான் என்று ஆகிவிடாது. ஆகவே கூகுளும் தன் ஆவணங்களில் டெவலப்பர்களுக்கு இதையே வலியுறுத்துகிறது: ஆளை அடையாளம் காண `sub` எண்ணைப் பயன்படுத்துங்கள், மின்னஞ்சலைப் பயன்படுத்தாதீர்கள்.

இதற்கு ஏற்றபடி தளத்தின் தரவுத்தளத்தில் ஒரு புதிய அட்டவணை வேண்டும். பயனர் அட்டவணையிலேயே `google_id` என்று ஒரு கட்டத்தைச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். நாளைக்கு ஆப்பிள், மறுநாள் ஃபேஸ்புக் என்று வரும்போது கட்டங்கள் பெருகிக்கொண்டே போகும். ஒரே ஆளுக்கு அலுவலகக் கூகுள் கணக்கு ஒன்று, சொந்தக் கூகுள் கணக்கு ஒன்று என இரண்டு இருந்தால் அந்தக் கட்டம் போதாமல் போகும். நுழையும் வழிகளைத் தனியாகப் பிரித்து வைப்பதே நல்லது:

```sql
CREATE TABLE identities (
  user_id BIGINT NOT NULL REFERENCES users(id),
  issuer  TEXT NOT NULL,
  subject TEXT NOT NULL,
  UNIQUE (issuer, subject)
);
```

ஒரு பயனருக்கு இதில் எத்தனை வரிசை வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் ஒரு கூகுள் கணக்கு ஒரே ஒரு பயனருக்கு மட்டுமே சேர முடியும். கடைசியில் உள்ள `UNIQUE` அதைக் காவல் காக்கிறது. `subject` எண்ணாகத் தெரிந்தாலும் எழுத்தாகவே சேமிக்கப்படுவதைக் கவனியுங்கள். அது பார்வைக்கான தேர்வல்ல. மேலே உள்ள எண்ணில் 21 இலக்கங்கள் இருக்கின்றன. தரவுத்தளத்தின் பெரிய முழு எண்ணான `BIGINT` 19 இலக்கங்களோடு நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அதை எண்ணாக மாற்றினால் பின்பகுதி இலக்கங்கள் தோராயமாக்கப்பட்டு, இரண்டு வெவ்வேறு ஆட்களின் எண்கள் ஒன்றாகிவிடும் வாய்ப்புகூட இருக்கிறது. விதியின்படி இது 255 எழுத்துகள் வரை இருக்கக்கூடிய ஒரு சரம்.

இனி யாராவது கூகுள் வழியாக வந்தால் தளம் முதலில் இந்த அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அந்த `iss`, `sub` இணை ஏற்கெனவே இருந்தால் உள்ளே விடலாம். மின்னஞ்சல் மாறியிருந்தாலும் கவலையில்லை. இணையும் இல்லை, அந்த மின்னஞ்சலில் கணக்கும் இல்லை என்றால் புதிய கணக்கு திறக்கலாம். சிக்கலெல்லாம் மூன்றாவது நிலையில். இணை இல்லை, ஆனால் அந்த மின்னஞ்சலில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் வாசகி நிற்கும் இடம் அதுதான்.

இங்கே மின்னஞ்சலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை இரண்டு ஆராய்ச்சியாளர்கள் விரிவாகச் சோதித்தார்கள். அவினாஷ் சுதோதனன், ஆண்ட்ரூ பேவர்ட் என்ற அவ்விருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் அதிகம் பயன்படுத்தும் 75 சேவைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் குறைந்தது 35 சேவைகளில், ஒருவர் கணக்குத் திறப்பதற்கு முன்பே அந்தக் கணக்கை வேறொருவர் கைப்பற்றி வைக்க முடிந்தது. இல்லாத கணக்கை எப்படித் திருடுவது என்ற கேள்வி எழும். அந்த முறை எவ்வளவு எளிது என்று பாருங்கள்.

திருடனுக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரி தெரியும். நீங்கள் இன்னும் சேராத ஒரு தளத்துக்குப் போய், உங்கள் முகவரியையும் தனக்குத் தெரிந்த ஒரு கடவுச்சொல்லையும் கொடுத்துப் பதிவு செய்கிறான். 'உங்கள் மின்னஞ்சலை உறுதி செய்யுங்கள்' என்று உங்களுக்கு ஒரு கடிதம் வருகிறது. நாம் சேராத தளமாயிற்றே, ஏதோ விளம்பரம் என்று அதைத் தள்ளிவிடுகிறீர்கள். உறுதி செய்யப்படாமலே கணக்கு அங்கே கிடக்கிறது. சில மாதம் கழித்து நீங்களே அந்தத் தளத்துக்குப் போய்க் கூகுள் பட்டனைத் தட்டுகிறீர்கள். 'இந்த மின்னஞ்சலில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறதே' என்று தளம் உங்களை அதனோடு சேர்த்துவிடுகிறது. உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. முகவரி கொடுக்கிறீர்கள், பணம் கட்டுகிறீர்கள், ஆவணங்கள் ஏற்றுகிறீர்கள். திருடன் வைத்த பழைய கடவுச்சொல்லும் அதே கணக்குக்கு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவன் நினைத்த நேரத்தில் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

இதில் இன்னும் நுட்பமான வகைகளும் உண்டு. திருடன் பதிவு செய்த கையோடு தன் பிரவுசரை லாகின் செய்த நிலையிலேயே விட்டுவைக்கிறான். பிறகு நீங்கள் கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய செஷன்களைத் தளம் முறிக்காவிட்டால் அவன் உள்ளேயே இருப்பான். அல்லது அந்தக் கணக்கோடு தன்னுடைய ஒரு சமூக ஊடகக் கணக்கையோ தன் போன் எண்ணையோ இணைத்து வைத்துவிடுகிறான். நீங்கள் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அந்தப் பக்கவாசல் திறந்தே இருக்கும்.

கூகுளோ மற்ற நிறுவனமோ இங்கே தவறு செய்யவில்லை. அவர்கள் சொன்ன மின்னஞ்சல் உண்மையிலேயே உங்களுடையதுதான். நம்பத்தகாதது தளத்தில் ஏற்கெனவே இருந்த கணக்கு. அதைத் திறந்தவர் யார் என்று தளத்துக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்வதுதான் அந்த ஒரு வரி நிரலின் குற்றம்.

மறுபக்கமும் சறுக்கலாம். 2023 ஜூனில் டிஸ்கோப் என்ற நிறுவனம் மைக்ரோசாஃப்டின் நிறுவன லாகின் முறையில் ஒரு பொறியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அஸூர் ஏடி என்ற அந்தச் சேவையில் யார் வேண்டுமானாலும் தனக்கென ஒரு நிறுவன வட்டத்தை உருவாக்கிக்கொண்டு, அதில் ஒரு பயனரின் தொடர்பு மின்னஞ்சலாக எந்த முகவரியையும் எழுதி வைக்கலாம். அந்த முகவரி அவருடையதுதானா என்று சோதிக்கப்படவில்லை. ஆனால் சான்றின் `email` கட்டத்தில் அது அப்படியே வந்து நின்றது. அந்தக் கட்டத்தை நம்பி ஆளை அடையாளம் கண்ட தளங்களில், திருடன் உங்கள் முகவரியை எழுதி வைத்துக்கொண்டு உங்கள் கணக்குக்குள் நேராக நுழைந்துவிட முடிந்தது. நுழைவு அனுமதிக்கு மின்னஞ்சலைப் பயன்படுத்தக் கூடாது என்பது மைக்ரோசாஃப்டின் அறிவுரை. அதைப் படிக்காதவர்களே மாட்டிக்கொண்டார்கள்.

`email_verified` என்பது `true` என்று வந்தால் போதாதா? பெரும்பாலும் போதும், ஆனால் முழுக்கப் போதாது. முகவரி `@gmail.com` என்று முடிந்தால், அந்த அஞ்சல்பெட்டியை நடத்துவதே கூகுள் என்பதால் அதன் சொல் உறுதியானது. நிறுவனங்களுக்கான கூகுள் கணக்காக இருந்தால் சான்றில் `hd` என்று கூடுதலாக ஒரு கட்டம் வரும், அப்போதும் நம்பலாம். இரண்டும் இல்லாமல், வேறு நிறுவனத்தின் முகவரியை வைத்து ஒருவர் கூகுள் கணக்குத் திறந்திருந்தால், ஒரு காலத்தில் அந்த முகவரி அவரிடம் இருந்தது என்பதைத்தான் கூகுள் சரிபார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு முகவரி கை மாறியிருக்கலாம் என்பதைக் கூகுளின் ஆவணமே எச்சரிக்கிறது.

இப்போது வாசகியிடம் திரும்புவோம். அவர் கூகுள் வழியாக வந்து நிற்கிறார். அவருடைய `sub` நம் அட்டவணையில் இல்லை. மின்னஞ்சலில் மட்டும் 4127 என்ற எண்ணுள்ள பழைய கணக்கு இருக்கிறது. தளம் இந்த நேரத்தில் சேர்க்கவும் கூடாது, புதிதாகத் திறக்கவும் கூடாது. கூகுள் தந்த சான்றைச் சர்வரில் அவருடைய செஷனில் 10 நிமிடத்துக்கு வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக் காட்ட வேண்டும்: 'இந்த மின்னஞ்சலில் எங்களிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. அது உங்களுடையதுதான் என்று ஒருமுறை உறுதி செய்யுங்கள். அடுத்த முறையிலிருந்து கூகுள் பட்டன் மட்டும் போதும்.' அதன் கீழே இரண்டு வழிகள். பழைய கடவுச்சொல்லைக் கொடுக்கலாம். மறந்திருந்தால், அந்த முகவரிக்கு வரும் கடிதத்திலுள்ள இணைப்பைத் தட்டலாம்.

இந்த இரண்டு வழிகளும் ஒன்றையே நிரூபிப்பதில்லை. இந்த வேலையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். பழைய கடவுச்சொல் தெரிந்தவர், அந்தக் கணக்கைத் திறந்தவர். அதே ஆள் கூகுளிலும் தன்னை நிரூபித்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே கை என்று தெரிந்துவிட்டதால், இணைத்துவிட்டு வேறெதையும் தொடாமல் விடலாம். கடிதத்தின் இணைப்பைத் தட்டியவரோ, அந்த முகவரியை இப்போது வைத்திருப்பவர் என்பது மட்டுமே தெரியும். கணக்கைத் திறந்தவர் அவர்தானா என்பது தெரியாது. ஆகவே அவர் கையில் கணக்கைக் கொடுக்கும் முன், வேறு யாரும் நுழையக்கூடிய எல்லா வழிகளையும் அடைக்க வேண்டும்: பழைய கடவுச்சொல்லை அழித்து, திறந்திருக்கும் செஷன்களை முறித்து, முன்பே இணைக்கப்பட்ட மற்ற லாகின்களையும் மீட்பு போன் எண்ணையும் கழற்றிவிட வேண்டும்.

பழைய தளங்கள் பலவற்றில் இன்னொரு நடைமுறைச் சங்கடம் உண்டு. ஆரம்பத்திலிருந்தே அவை மின்னஞ்சலை உறுதி செய்யச் சொன்னதில்லை. வாசகி 3 வருடம் நேர்மையாக வாங்கிய கணக்கும், திருடன் போட்டு வைத்த வெற்றுக் கணக்கும் தரவுத்தளத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டுக்குமே உறுதி செய்த தேதி காலியாக இருக்கும். உறுதி செய்யாத கணக்குகளை மொத்தமாக அழித்துவிடுங்கள் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன், நல்ல வாடிக்கையாளர்களின் ஆர்டர் வரலாறு அதில் போய்விடும். கடித வழியைக் கட்டாயமாக்கி, வழிகளை அடைத்து, சேமித்து வைத்த வீட்டு முகவரியை மட்டும் 'இது உங்களுடையதா?' என்று கேட்டுவிட்டால் போதும். திருடன் தன் முகவரியை எழுதி வைத்திருந்தால் புத்தகப் பார்சல் அவன் வீட்டுக்குப் போகாமல் அது தடுக்கும்.

மின்னஞ்சல் பொருந்தினாலும் கடித வழியைக்கூடக் காட்டக் கூடாத ஒரு நிலை இருக்கிறது. பழைய கணக்கோடு ஏற்கெனவே ஒரு கூகுள் கணக்கு இணைந்திருக்க, அதே மின்னஞ்சலோடு வேறொரு `sub` வந்து நிற்கிறது என்று வையுங்கள். முகவரி கை மாறிவிட்டதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. வேலையை விட்டுப் போன கணக்காளரின் முகவரியில் புதியவர் வந்திருக்கிறார். கடிதம் அனுப்பினால் புதியவருக்குத்தான் போகும். பழையவரின் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். அங்கே பழைய கடவுச்சொல்லையோ மனித உதவியையோ தவிர வேறு வழியைத் திறக்கக் கூடாது.

மின்னஞ்சலே பொருந்தாமல் போவதும் சகஜம். ஆப்பிள் வழியாக நுழைபவர் தன் முகவரியை மறைக்க விரும்பினால், `@privaterelay.appleid.com` என்று முடியும் ஒரு மாற்று முகவரிதான் தளத்துக்குக் கிடைக்கும். போன் எண்ணை வைத்து ஃபேஸ்புக்கில் சேர்ந்தவருக்கு மின்னஞ்சலே இல்லாமல் இருக்கலாம். இவர்களைத் தளத்தால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பழைய முறையில் உள்ளே வந்தவருக்கு, அமைப்புகள் பக்கத்தில் 'ஆப்பிள் கணக்கை இணைக்க' என்று ஒரு பட்டன் இருந்தே ஆக வேண்டும். முதல்முறை வரும் திரையிலும் 'ஏற்கெனவே இங்கே கணக்கு வைத்திருக்கிறீர்களா?' என்ற கேள்வி, கணக்கைத் திறப்பதற்கு முன்பே வர வேண்டும். திறந்த பிறகு கேட்பது இரட்டைக் கணக்கில்தான் போய் முடியும்.

அந்த இணைப்புப் பட்டனிலும் ஓர் ஓட்டை ஒளிந்திருக்கிறது. திருடன் தன் சொந்தக் கணக்கில் நின்று 'கூகுளை இணைக்க' என்பதைத் தட்டி, தன் கூகுள் கணக்கில் சம்மதம் கொடுக்கிறான். கூகுள் தளத்துக்குத் திருப்பி அனுப்பும் அந்தக் கட்டத்தில் பிரவுசரை நிறுத்திவிட்டு, முகவரியை மட்டும் நகலெடுத்துக்கொள்கிறான். அது இப்படி இருக்கும்:

```
https://kadai.example/auth/google/callback?code=4/0Ab...&state=x9f...
```

இந்த இணைப்பை ஏதோ ஒரு சலுகை என்று சொல்லி வாசகிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். வாசகி ஏற்கெனவே தளத்தில் லாகின் செய்திருக்கிறார், இணைப்பைத் தட்டுகிறார். தளத்தின் பார்வையில், உள்ளே இருக்கும் ஒரு பயனர் கூகுள் குறியீட்டோடு வந்து இணைக்கச் சொல்கிறார். திருடனின் கூகுள் கணக்கு வாசகியின் கணக்கோடு இணைந்துவிடுகிறது. இனி அவன் தன் கூகுள் பட்டனைத் தட்டினால் திறப்பது வாசகியின் கணக்கு. இதைத் தடுப்பதற்காகத்தான் கடைசியில் உள்ள `state`. இணைக்கத் தொடங்கும்போதே தளம் யூகிக்க முடியாத ஒரு சரத்தை உருவாக்கி, தொடங்கியவரின் செஷனில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வருபவரின் செஷனில் அதே சரம் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இதைச் சோதிப்பது சுலபம்: ஒரு பிரவுசரில் தொடங்கி, திரும்பி வரும் முகவரியை வேறு பிரவுசரில் ஒட்டிப் பாருங்கள். இணைந்துவிட்டால் உங்கள் தளத்தில் இந்த ஓட்டை இருக்கிறது.

இணைத்து முடிந்ததும் பழைய மின்னஞ்சலுக்கு ஒரு தகவல் போக வேண்டும்: இந்த நேரத்தில் ஒரு கூகுள் கணக்கு இணைக்கப்பட்டது, செய்தது நீங்கள் இல்லையென்றால் இங்கே தட்டுங்கள். கழற்றிவிடும் வசதியும் கொடுக்க வேண்டும். ஆனால் கடவுச்சொல் இல்லாத ஒருவர் தன்னிடமுள்ள ஒரே இணைப்பையும் கழற்றிவிட்டால் திரும்ப உள்ளே வர முடியாது. முதலில் ஒரு கடவுச்சொல்லை வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கழற்ற விட வேண்டும்.

ஏற்கெனவே இரட்டைக் கணக்கு திறந்துகொண்டவர்களை என்ன செய்வது? வாசகிக்குப் பழைய 4127 இருக்க, புதிதாக 9038 என்ற கணக்கும் விழுந்துவிட்டது. அதில் ஒரு புத்தகமும் வாங்கிவிட்டார். பழைய கணக்கில் நுழைந்து கூகுளை இணைக்கப் பார்த்தால் தரவுத்தளம் மறுக்கும், ஏனென்றால் அவருடைய `sub` 9038இன் பேரில் இருக்கிறது. அந்த மறுப்பைக் கண்டதும் `sub` எண்ணைச் சத்தமில்லாமல் 4127க்கு நகர்த்தினால், 9038இல் வாங்கிய புத்தகம் யாரும் நுழைய முடியாத கணக்கில் அநாதையாகக் கிடக்கும். அவரிடம் சொல்லி, இரண்டு கணக்குகளிலும் நுழைந்து காட்டச் சொல்லி, பிறகு ஆர்டர்களையும் லாகின் இணைப்பையும் சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக நகர்த்த வேண்டும். பாதியில் ஏதாவது தவறினால் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். 9038ஐ அழிக்காமல், 'இது 4127இல் சேர்ந்துவிட்டது' என்று குறித்து வைப்பது நல்லது. அனுப்பிய ரசீதுகளில் அந்த எண் இருக்கும், திருப்பிக் கொடுக்கும் பணம் அதைத் தேடி வரும்.

தளம் நடத்தாத, பட்டனை மட்டும் தட்டுகிற வாசகர்களுக்கும் இதில் பார்த்துக்கொள்ள வேண்டியது உண்டு. நீங்கள் எந்தெந்தத் தளங்களில் கூகுள் வழியாக நுழைந்திருக்கிறீர்கள் என்பதை `myaccount.google.com/connections` பக்கத்தில் பார்க்கலாம். அங்கே ஒரு தளத்தை நீக்கினால் கூகுளுக்கும் அதற்குமான தொடர்பு மட்டுமே அறும். தளத்தில் உள்ள உங்கள் கணக்கும், அதற்குக் கடவுச்சொல் இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும்.

நீங்கள் சேராத ஒரு தளத்திலிருந்து 'பதிவு செய்ததற்கு நன்றி, மின்னஞ்சலை உறுதி செய்யுங்கள்' என்று கடிதம் வந்தால் அதிலுள்ள உறுதி இணைப்பைத் தட்டாதீர்கள். தட்டினால் திறந்தவன் கணக்கை நீங்களே உறுதி செய்து கொடுத்ததாகிவிடும். பின்னாளில் அந்தத் தளம் உங்களுக்குத் தேவைப்பட்டால் கூகுள் பட்டனை முதலில் தொடாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' வழியாகப் புதிய கடவுச்சொல் வையுங்கள். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பது இருந்தால் அதைச் செய்யுங்கள். அமைப்புகளில் இணைந்திருக்கும் லாகின்களில், மீட்பு எண்ணில், வீட்டு முகவரியில் உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் நீக்குங்கள். அதற்குப் பிறகு கூகுளை இணைத்துக்கொள்ளலாம்.